டியூப்லைட் வெளிச்சத்திலும் எழுத்து சரியாக வர வேண்டும் என்றால்

கேள்வி: கம்யூனிகேஷன் லேபுக்கு எல்.இ.டி., போட்டோடயோடு வைத்து டெக்ஸ்ட் அனுப்புகிறோம். 1200 பாட். லைட்டை அணைத்தால் எழுத்து சரியாக வருகிறது, போட்டால் குப்பையாக வருகிறது. ஏன்?

உங்கள் ஆம்ப்ளிஃபையரில் ஃபீட்பேக் ரெசிஸ்டர் 1 மெகா ஓம் என்று நினைக்கிறேன். சீனியர் ரெக்கார்டிலிருந்து எங்களுக்கு வந்த சர்க்யூட்டிலும் அதுதான் இருந்தது.

BPW34 மாதிரி டயோடு சாதாரண வகுப்பறை வெளிச்சத்திலேயே 20 மைக்ரோ ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் தரும். 1 மெகா ஓமில் அது 20 வோல்ட் ஆக வேண்டும். 5 வோல்ட் சப்ளையில் ஓடும் LM358 ஏறக்குறைய மூன்றரை வோல்ட்டிலேயே முட்டி நின்றுவிடும். அதற்குப் பிறகு எல்.இ.டி. எரிந்தாலும் அணைந்தாலும் அவுட்புட் அசையாது. மல்டிமீட்டர் வைத்தாலே தெரியும்: லைட் போட்டதும் மூன்றரையில் ஒட்டிக்கொள்ளும், டயோடைக் கையால் மறைத்தால் இறங்கும். நாங்கள் 100 கிலோ ஓம் போட்டோம். அறை வெளிச்சம் 2 வோல்ட்டோடு நின்றது, சிக்னலுக்கு மேலே இடம் கிடைத்தது.

அப்புறம் அந்த 2 வோல்ட்டை நீக்க 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டரும் 10 கிலோ ஓமும் போட்டு கம்பாரேட்டருக்குக் கொடுத்தோம். அங்கேதான் அசல் பிரச்சினை ஆரம்பித்தது. `U` என்ற எழுத்தைத் தொடர்ந்து அனுப்பினால் பிசகே இல்லை. `@` அனுப்பினால் வேறு ஏதோ வந்தது. காரணம் பிட் வரிசையில் இருக்கிறது:

```
U : 0 10101010 1
@ : 0 00000010 1
```

`@`-இல் தொடர்ந்து ஏழு பூஜ்யம், 1200 பாடில் கிட்டத்தட்ட 6 மில்லிசெகண்ட். அந்த ஆர்.சி.யின் டைம் கான்ஸ்டன்ட்டோ 1 மில்லிசெகண்ட்தான். ஏழு பிட் முடிவதற்குள் சிக்னல் நடுக்கோட்டுக்கே திரும்பிவிடுகிறது, கம்பாரேட்டர் தடுமாறுகிறது. கெபாசிட்டரைப் பெரிதாக்கலாமே என்றான் நண்பன். பெரிதாக்கினால் சோக் போட்ட டியூப்லைட்டின் 100 ஹெர்ட்ஸ் துடிப்பு அப்படியே உள்ளே வந்துவிடும்.

வழி மான்செஸ்டர் கோடிங். 1-ஐ `10` என்றும் 0-வை `01` என்றும் அனுப்புங்கள். எந்த எழுத்தானாலும் எல்.இ.டி. பாதி நேரம் எரியும், ஒரே நிலையில் இரண்டு அரை பிட்டுக்கு மேல் நிற்காது. கெபாசிட்டரைச் சின்னதாகவே வைத்துக்கொள்ளலாம். ரிசீவரில் சீரியல் போர்ட்டை விட்டுவிட்டு, எட்ஜ்களுக்கு இடையிலான நேரத்தை `micros()` வைத்து அளந்து பிரிக்க வேண்டும். வேலை கூடுதல்தான்.

டயோடைச் சுற்றிக் கறுப்புக் குழாய் மாட்டினால் போதுமே என்று யாராவது கமென்ட்டில் வரலாம். மாட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அறை வெளிச்சம் குறையும். ஆனால் ஏழு பூஜ்யம் ஏழு பூஜ்யமாகத்தான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வகுப்பிலேயே ஒரு டீம் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து இதே லிங்கை வாங்கி வந்தது. வைவாவில் லேப் லைட்டை அணைக்கச் சொல்லித்தான் காட்டினார்கள். ஏன் அணைக்க வேண்டும் என்று எக்ஸ்டர்னல் கேட்கவே இல்லை. எல்லா டியூப்லைட்டும் எரிய ஓட்டிக்காட்டிய எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே மார்க். அது இன்னமும் எனக்கு ஆறவில்லை.