சர்க்கரை நோயும் தோள்பட்டை இறுக்கமும்: வலிக்கும் மாதங்களில் எவ்வளவு பயிற்சி?

கேள்வி: எனக்கு வயது 52. பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நான்கு மாதங்களாக இடது தோளில் வலி. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் விழித்துக்கொள்கிறேன். ‘ஃப்ரோசன் ஷோல்டர், விடாமல் பயிற்சி செய்யுங்கள்’ என்றார்கள். செய்யச் செய்ய வலிதான் கூடுகிறது. நிறுத்திவிடலாமா? ஊசி போட்டால் சர்க்கரை ஏறுமா? எப்போது குணமாகும்?

பதில்: பயிற்சியை நிறுத்த வேண்டாம், ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டு கையை இழுப்பதை இன்றே நிறுத்துங்கள். தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் சர்க்கரை சில நாட்களுக்கு ஏறும், பிறகு இறங்கிவிடும். குணமடைவதை வாரக் கணக்கில் எதிர்பார்க்க முடியாது. ஒன்றரை முதல் மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம் என்று மனத்தில் வைத்துக்கொள்வதே சரி.

முதலில், இது உண்மையிலேயே தோள்பட்டை இறுக்கம்தானா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். இரு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடித்துக்கொண்டு, முன்கைகள் இரண்டையும் கதவைத் திறப்பதுபோல் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். இறுகிய தோளில் இந்த வெளிப்புறச் சுழற்சிதான் பெரும்பாலும் முதலில் குறைகிறது. பிறகு கையைத் தளர்த்திவிட்டு, இன்னொருவரை மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பினாலும் அதே இடத்தில் கை நின்றுவிட்டால், இறுக்கம் மூட்டைச் சுற்றியுள்ள உறையில் இருக்க வாய்ப்பு அதிகம். நீங்களாகத் தூக்க முடியாத கை, பிறர் தூக்கும்போது எளிதாக மேலே போய்விட்டால், அது தசைநாண் கிழிந்ததாக இருக்கலாம்; அதற்கு வழி வேறு. எக்ஸ்ரே ஒன்று எடுத்து மூட்டுத் தேய்மானம் போன்றவை இல்லை என்று பார்த்துக்கொள்வது போதும், எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படுவதில்லை. உங்களுக்கு வலி இடது தோளில் இருப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கையை அசைக்காமலேயே, நடக்கும்போதோ படியேறும்போதோ அந்த வலி வந்து, வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்தால், அதைத் தோளின் கணக்கில் எழுதிவிடாமல் உடனே இதயத்தைப் பரிசோதிக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளிடம் இதைச் சொல்லாமல் நான் அனுப்புவதில்லை.

பயிற்சி ஏன் வலியைக் கூட்டுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. தோள் மூட்டைச் சுற்றிலும் தளர்வான பை போன்ற ஓர் உறை உண்டு. கையைத் தூக்கும்போது விரிந்துகொடுப்பது அதன் மடிப்புதான். இந்த நோயில் அந்த உறை முதலில் அழற்சி கொண்டு சிவக்கிறது, பிறகு தழும்புபோல் தடித்துச் சுருங்குகிறது. இரத்தத்தில் நெடுங்காலம் மிகுந்திருக்கும் சர்க்கரை, உறையிலுள்ள கொலாஜன் நார்களோடு ஒட்டி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து விறைப்பாக்குகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருவதற்கும், மெதுவாக விலகுவதற்கும் இதை ஒரு முக்கியக் காரணமாகக் கருதுகிறோம். நீங்கள் இப்போது இருப்பது அழற்சி மேலோங்கிய முதல் கட்டம். புண்பட்ட உறையை வலுவாக இழுத்தால் அது இளகுவதில்லை. இன்னும் எரிகிறது, சுற்றியுள்ள தசைகளும் காவலுக்கு நிற்பதுபோல் இறுகிக்கொள்கின்றன. பெரும்பாலும் இரண்டு முதல் ஒன்பது மாதங்கள் வரை நீடிக்கும் இந்தக் கட்டத்தில் நம் வேலை வலியைக் குறைப்பதும், இருக்கும் அசைவை இழக்காமல் காப்பதும்தான்.

எனவே பயிற்சிக்கு ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளுங்கள். செய்து முடித்த அரை மணி நேரத்துக்குள் வலி பழைய நிலைக்கு இறங்க வேண்டும், அன்றிரவு தூக்கம் வழக்கத்தைவிட மோசமாகக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். முன்னால் குனிந்து நல்ல கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு மெல்ல ஊசலாட்டுவது ஒன்று. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் சுருட்டிய துண்டை வைத்து, இரு கைகளிலும் ஒரு குச்சியைப் பிடித்து, நல்ல கையால் மற்றதை வெளிப்பக்கமாகத் தள்ளி, இழுப்பு தெரிகிற இடத்தில் ஐந்து நொடி நிறுத்துவது இன்னொன்று. ஒவ்வொன்றும் ஐந்தாறு முறை, நாளுக்கு மூன்று வேளை போதும். இரவில் மல்லாந்து படுத்து, முழங்கைக்கு அடியில் தலையணை வைத்துக் கையை உடலிலிருந்து சற்று விலக்கி வையுங்கள். வலி மாத்திரைகளில் பாராசிட்டமாலைத் தாண்டி எதை எடுப்பதாக இருந்தாலும், சிறுநீரகப் பரிசோதனை முடிவை மருத்துவரிடம் காட்டிய பிறகே எடுங்கள்.

ஸ்டீராய்டு ஊசி அதிகம் உதவுவது இந்த முதல் கட்டத்தில்தான். முற்றிலும் இறுகியபின் போட்டால் பலன் குறைவு. அது உறையை நெகிழ்த்துவதைவிட அழற்சியைத் தணிக்கிறது, அதனால் சில வாரங்களுக்கு நிம்மதியாகத் தூங்கவும் பயிற்சி செய்யவும் முடிகிறது. என்னிடம் வந்த 54 வயதுக்காரர் ஒருவருக்கு வலி தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. நல்ல தோள் வெளிப்புறமாக 60 பாகை திரும்ப, நோயுற்றது 20 பாகையில் நின்றது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 9.4 சதவீதமாக இருந்ததால் ஊசியை ஐந்து வாரம் தள்ளிவைத்து, அவருடைய சர்க்கரை மருத்துவரோடு பேசி முதலில் அதை இறக்கினோம். ஊசி போட்ட மறுநாள் மாலை 310 காட்டியது. நாளுக்கு நான்கு முறை பார்ப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் இன்சுலினை எவ்வளவு கூட்டுவது என்பதெல்லாம் முன்பே எழுதிக்கொடுக்கப்பட்டிருந்ததால் அவர் பதறவில்லை. ஆறாம் நாள் பழைய அளவுக்கு வந்துவிட்டது. அந்தத் தாள் கையில் இல்லாமல் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

பத்து நாட்களில் அவர் இரவு முழுக்கத் தூங்கினார், ஆனால் கை திரும்பும் அளவு கூடவில்லை. ஏழாம், எட்டாம் மாதங்களில் வலி வெகுவாகக் குறைந்தும் 20 பாகை அப்படியே இருந்தபோதுதான், சிகிச்சை தோற்றுவிட்டது என்று அவர் மனமுடைந்தார். அது தோல்வி அன்று. வலி முதலில் விலகி, அசைவு பின்னால் திரும்புவதே இந்த நோயின் இயல்பு. வலி அடங்கிய அந்தக் கட்டத்தில்தான் நீட்டிப்புப் பயிற்சிகளைச் சற்று அழுத்தமாகச் செய்யத் தொடங்கினோம். பதினோராம் மாதம் 35 பாகை. பதினைந்தாம் மாதம் பின்பக்கப் பையிலிருந்து பணப்பையைத் தானே எடுத்தார். இரண்டாம் ஆண்டு முடிவில் 50 பாகையில் நின்றது. கடைசிப் பத்து பாகை திரும்பவில்லை, அது அவருடைய எந்த வேலைக்கும் தடையாகவும் இல்லை.

மயக்க மருந்து கொடுத்துத் தோளை அசைத்து விடுவிப்பதும், நுண்துளை வழியே உறையை வெட்டித் தளர்த்துவதும் பல மாதப் பயிற்சிக்குப் பிறகும் அசைவு நகராதவர்களுக்கானவை. சர்க்கரை நோயாளிகளுக்கு அவற்றுக்குப் பின்னும் மீண்டும் இறுகும் வாய்ப்பு கூடுதல் என்பதால் நான்காம் மாதத்தில் அதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. அதைவிட, மாதம் ஒருமுறை இரு கைகளையும் கதவு திறப்பதுபோல் திருப்பி அளந்து குறித்து வையுங்கள். இடது தோளின் போக்கு அதில் தெரியும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மறு தோளும் பின்னால் இறுகுவது உண்டு என்பதால், வலது கை குறையத் தொடங்கினால் முதல் சில வாரங்களிலேயே அதுவும் தெரிந்துவிடும்.