வியர்வைத் திட்டு தெரியாமல் ஆபீஸ் போக

*அக்கா, எனக்குத் தண்டையார்பேட்டை, ஆபீஸ் பாரிமுனையில். போய்ச் சேர்வதற்குள் அக்குளில் பெரிய ஈரத் திட்டு விழுந்துவிடுகிறது. கையைத் தூக்கவே கூச்சமாக இருக்கிறது. என்ன துணி, என்ன கலர் எடுத்தால் வெளியே தெரியாது?*

உங்கள் பீரோவில் வான நீலம், சாம்பல், வெளிர் பிங்க் நிறங்களில் பிளெயின் ரேயான் குர்த்தி இருந்தால், அவற்றை வெயில் முடியும்வரை ஆபீஸுக்குப் போடாதீர்கள். ஈரத்தை அதிகம் காட்டிக்கொடுப்பவை இவைதான்.

நூலிழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் தண்ணீர் புகுந்தால், துணி வெளிச்சத்தைச் சிதறடிப்பது குறைகிறது. அதனால் அந்த இடம் கருத்துத் தெரிகிறது. நடுத்தர நிறங்களில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கருநீலம், கறுப்பு ஏற்கெனவே இருட்டு என்பதால் மேலும் கருப்பது கண்ணில் படாது. வெள்ளையிலும் திட்டு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் நனைந்தால் உள்ளே இருப்பது தெரியும், லைனிங் வேண்டும்.

உங்களுக்கு நான் சொல்வது, கருநீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூப்போட்ட காட்டன். பொடி டிசைன் திட்டின் ஓரத்தைக் கலைத்துவிடும், எங்கே ஈரம் முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. பெரிய பூ வேண்டாம், இடையில் வெறும் துணி நிறைய இருக்கும்.

பாலியெஸ்டர் ஜார்ஜெட்டில் திட்டு குறைவாகத் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அது வியர்வையை உறிஞ்சாது. நம் கடலோரக் காற்றில் வியர்வை சீக்கிரம் காயவும் காயாது, அதனால் உடம்போடு ஒட்டிக்கொண்டு வாடையும் சேரும். எட்டு மணி நேரம் உட்கார்ந்து வேலை பார்க்க அது சரிப்படாது.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் எடுக்கப் போனால், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஓரத்து மடிப்பின் உள்பக்கம் ஈர விரலை வையுங்கள். வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். கை நீட்டும் தூரத்திலிருந்து பார்க்கும்போதே ஈரம் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் இருக்கும் உடுப்புகளையும் இதே மாதிரி சோதித்து, தேறியதை ஆபீஸுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

அப்புறம் உள்ளே போடுவது. கையில்லாத ஸ்லிப் அக்குளை மூடாது, அதனால் இதற்கு உதவாது. அரைக்கை வைத்த மெல்லிய காட்டன் உள்சட்டை போட்டால் வியர்வை முதலில் அதில் இறங்கும். கூடவே, தையலில் இடம் விட்டிருந்தால் டெய்லரிடம் கொடுத்து ஆர்ம்ஹோலைக் கொஞ்சம் லூஸாக்குங்கள். துணி அக்குளில் அழுந்தாமல் இருந்தாலே திட்டு குறையும். வியர்வை ஆறாகக் கொட்டும் நாளில் எந்தத் துணியும் முழுசாக மறைக்காது. அதற்கு மாற்று உள்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

கருநீலத்தில் ஒரே ஒரு தொல்லை, காய்ந்ததும் வெள்ளையாக உப்புக்கோடு விழும். வீட்டுக்கு வந்ததும் அக்குள் பகுதியையாவது பச்சைத் தண்ணீரில் அலசிப் போட்டுவிடுங்கள்.