100 கிலோ மீனுக்கு எவ்வளவு ஐஸ்?

"கடலூரிலிருந்து ஃபைபர் படகில் விடியலில் போய் மாலையில் திரும்புகிறோம். 100 கிலோ மீனுக்கு 40 கிலோ ஐஸ் போட்டும் அடிமீன் குழைகிறது."

ஐயா, 30 டிகிரிச் சூட்டில் பெட்டிக்குள் வரும் 100 கிலோ மீனைக் குளிர்விக்கவே ஏறத்தாழ 30 கிலோ ஐஸ் கரைந்துவிடுவதால், மிஞ்சும் 10 கிலோ நம் வெயிலுக்குத் தாங்காது. மீனின் எடைக்குச் சமமாக, அதாவது 100 கிலோ எடுத்துச் செல்லுங்கள். பெட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு நொறுக்கிய ஐஸைப் பரப்பி, அதன்மேல் மீனை ஒற்றை வரிசையாக அடுக்கி, இடுக்குகளும் நிரம்புமாறு மறுபடி ஐஸ் தூவி, இறுதியில் கனமாக மூடுங்கள். பெரிய கட்டிகள் மீனை நசுக்கும். இடையில் காற்றும் தங்கும். அடிமீன் குழைவதற்குத் தேங்கிய இரத்தநீரும் காரணமாகலாம் என்பதால், வடிதுளையில் செதில் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கரைக்கு வரும்போது மீனைத் தொட்டபடி ஐஸ் எஞ்சியிருந்தால் அளவு சரி.