விரல் வச்சு காட்ட முடியுதா?

"அக்கா, என் ஏழாம் வகுப்புல 34 பிள்ளைங்க. எட்டு பேரு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்காங்க, அஞ்சாறு பேரு நான் கேட்டு முடிக்கதுக்குள்ள பதில் சொல்லிருதாங்க. ஆச்சி ஆட்டுக்குட்டிய வித்து பேரனுக்கு பேக் வாங்குத ஒன்றரைப் பக்கக் கதையும், அதுக்கு நான் எடுத்த பத்து கேள்வியும் அனுப்பிருக்கேன். எல்லாருக்கும் ஒத்துவருமா?"
— ஒரு டீச்சர், அம்பை பக்கம்

தங்கச்சி, கதை நல்லாருக்கு, கேள்விலதான் சிக்கல். "ஏன்"னு தொடங்குத நாலு கேள்விய சிந்தனைக் கேள்வின்னு ஓரத்துல குறிச்சிருக்கீங்க. அதுல "ஆச்சி ஏன் சந்தைக்குப் போனா?"வ எடுத்துக்கிடுவோம். பேக் வாங்க காசு இல்ல, அதான் செவ்வாக்கிழமை மேலப்பாளையம் சந்தைக்கு குட்டிய பிடிச்சிட்டுப் போனான்னு கதையே சொல்லிருதே, அந்த வரிய பாத்து எழுதினா முடிஞ்சு போச்சு, இதுல எங்க சிந்தனை?

பி.எட்ல ப்ளூமோட சிந்தனைப் படிகள்னு படிச்சிருப்பீங்க, 1956ல வந்தது, 2001ல திருத்தி அந்த ஆறு படியையும் நினைவுல இருந்து படைப்பு வரைக்கும்னு ஆக்குனாங்க. நம்மாளுங்க அதுல இருந்து வினைச்சொல் பட்டியல மட்டும் பிச்சு எடுத்து, "ஒப்பிடுக"ன்னு போட்டா மேல் படின்னு நெனச்சுக்கிடுதாங்க. நேத்து நீங்களே ஒப்பிட்டுச் சொல்லிட்டு இன்னைக்கு அதையே கேட்டா அது வெறும் ஞாபகந்தான்.

நான் பாக்குத வழி வேற. பதில் இருக்குத எடத்துல விரல் வைங்க. ஒரே வரில வைக்க முடிஞ்சா நேரடிக் கேள்வி. ரெண்டு மூணு எடத்துல வச்சு சேக்கணும்னா அடுத்த படி. வைக்க எடமே இல்ல, ஆனா "இந்த வரியால இப்படி நெனைக்கேன்"னு சொல்ல முடியுதுன்னா அது ஊகம்.

உங்க கதைலயே அதுக்கு அருமையான எடம் இருக்கு, நீங்க தொடாம விட்டுட்டீங்க. பேரன் ஸ்கூல் விட்டு வாரான், கொட்டகைல வெறுங்கயிறு தொங்குது, திண்ணைல புது பேக் இருக்கு, அவன் ஒண்ணுமே பேசல, ராத்திரி ஒரு கட்டு வேப்பங்கொழைய கொண்டாந்து கயித்துக்குக் கீழ போடுதான். இந்த ஒரே எடத்துல மூணு கேள்வி எடுக்கலாம். கொட்டகைல பேரன் என்ன பாத்தான்? குட்டிய வித்த விஷயம் யாரும் சொல்லாமலே அவனுக்கு எப்படி தெரிஞ்சிருக்கும்? குட்டிதான் இல்லையே, பெறவு கொழைய யாருக்குப் போட்டான்? மொத கேள்விக்கு கயித்த பாத்த பயலுக்கு ரெண்டாவதுக்கு கால் ஊணிக்க எடம் கிடைச்சிரும், அதனால இந்த மூணையும் தனித்தனியா பிரிச்சுப் போட்டுராதீங்க.

கடைசில "ஆச்சி செஞ்சது சரியா?"ன்னு ஒண்ணு வச்சிருக்கீங்க. அத கதை படிக்காத உங்க பக்கத்து வீட்டு மதினிகிட்ட கேளுங்க, "படிப்புதான முக்கியம், சரிதான்"னு சொல்லிருவா. கதையே தெரியாதவ பதில் சொல்லிருதான்னா அது கதைக்கான கேள்வியே இல்ல. இப்படி மாத்துங்க: விக்கதுக்கு முன்ன ஆச்சி பேரன்கிட்ட கேட்டிருக்கணுமா? கதைல இருந்து ரெண்டு விஷயத்த காட்டி சொல்லு.

மொத்தம் ஆறு கேள்வி போதும், நேரடி ரெண்டு, சேத்துப் பாக்கது ஒண்ணு, ஊகம் ரெண்டு, இந்த மதிப்பீட்டுக் கேள்வி ஒண்ணு. எல்லாருக்கும் அதே ஆறுதான். நான் வேலைக்குச் சேந்த புதுசுல மூணு கலர் தாள்ல மூணு விதமா கேள்வி கொடுத்தேன், ரெண்டாவது நாளே மஞ்சத் தாளுக்கு மக்குத் தாள்னு பேரு வச்சிட்டானுங்க, அதுல ஒரு மஞ்சத் தாள் பயல் வெள்ளத் தாள் கேள்விக்கு வாயாலயே பதில் சொன்னான், சரியா! அவனுக்கு வாசிக்கத்தான் வரல, யோசிக்க வந்துச்சு. அதனால கேள்விய எளிசாக்காதீங்க, அங்க போய்ச் சேருத வழிய எளிசாக்குங்க. கதைய நீங்களே ரெண்டு தடவ சத்தமா வாசிங்க, அந்த எட்டு பேருக்கும் எந்தப் பத்தின்னு காட்டிக் கொடுங்க, "பேரன் கொழைய போட்டது ஏன்னா..."ன்னு பாதி வாக்கியம் எழுதிக் கொடுங்க, ஊகக் கேள்விக்கு மட்டும் வாயால சொன்னாலும் மார்க் போடுங்க. சீக்கிரம் முடிக்கிறவங்களுக்கு ஏழாவது கேள்வி கொடுக்காதீங்க, அது தண்டனை மாதிரி. அதே அஞ்சாவது கேள்விக்கு இன்னொரு பதில் இருக்க முடியுமா, ரெண்டுல எதுக்கு கதைல ஆதாரம் கூடுதல்னு கேளுங்க, மணி அடிக்குத வரைக்கும் சண்ட போடுவாங்க.

தாள் திருத்தும்போது அந்தக் கொழைக் கேள்விய மட்டும் வரிசையா பாத்துட்டு வாங்க. 34 தாள்லயும் ஒரே வாக்கியம் இருந்தா, நீங்க வகுப்புல வாய் தவறி பதில சொல்லிருக்கீங்கன்னு அர்த்தம், அடுத்த பரீட்சைக்கு அத தூக்கிருங்க.