முட்டையில் போன பத்து ரூபாய்

கேள்வி: மண்டபத்தில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் முட்டைக்கு நல்ல கிராக்கி. விலையை ஏற்றிச் சம்பாதிக்க வேண்டிய நேரத்தில் எதிர்க்கடைக்காரர் கொள்முதல் விலைக்கும் கீழே முட்டை விற்கிறார். என் வாடிக்கையாளர்கள் அங்கே போகிறார்கள். அவருக்குப் பணம் அதிகமாகிவிட்டதா, அல்லது என்னை ஒழிக்கப் பார்க்கிறாரா? புகார் கொடுக்கலாமா?
— பெயர் வேண்டாம், மண்டபம்

பதில்: நீங்கள் எதிர்க்கடையின் முட்டை அட்டையை மட்டும் பார்க்கிறீர்கள். அங்கிருந்து வெளியே வருகிறவர்களின் பையையும் ஒருநாள் பாருங்கள். பத்து முட்டைக்கு அடியில் துவரம்பருப்பு, மிளகாய், டீத்தூள், சோப்பு எல்லாம் இருக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீன் வரும், விலை எட்டாது. அதனால் அந்த 61 நாளும் எல்லா வீட்டுப் பட்டியலிலும் முட்டை ஏறிவிடுகிறது. நீங்கள் இதை விலை ஏற்றும் காரணமாகப் பார்த்தீர்கள். அவர் ஆள் கூப்பிடும் காரணமாகப் பார்த்திருக்கிறார். நாமக்கல் விலை தினம் பேப்பரில் வருவதால் முட்டை என்ன விலை என்று ஊருக்கே தெரியும். அதில் ஒரு ரூபாய் குறைத்தால் பஸ் ஸ்டாப்பில் பேசுவார்கள். சீரகத்தில் பத்து ரூபாய் குறைத்தாலும் ஒருவருக்கும் உறைக்காது.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். முட்டை அவருக்கு 6 ரூபாய்க்கு வருகிறது, முன்பு 6.50க்கு விற்றவர் இப்போது 5க்கு விற்கிறார். வீட்டுக்குப் பத்து முட்டை. அவருடைய பழைய வாடிக்கை 80 வீடு. அவர்களிடம் முன்பு கிடைத்த 5 ரூபாய் லாபம் போய், 10 ரூபாய் நட்டம் வருகிறது. ஆக வீட்டுக்கு 15 வீதம் நாளுக்கு 1,200 ரூபாய் குறைகிறது. இனி, உங்களிடமிருந்தும் மற்ற கடைகளிலிருந்தும் 70 வீடு புதிதாக வருகிறது. ஒவ்வொருவரும் 250 ரூபாய்க்கு வேறு சாமான் வாங்கினால், நூற்றுக்கு 14 வீதம் 35 ரூபாய் நிற்கும். முட்டை நட்டம் பத்தைக் கழித்தால் 25. எழுபது வீட்டுக்கு 1,750. பழைய வீடுகளில் விட்ட 1,200 போக, 550 ரூபாய் கூடுதல் லாபம்!

ஆனால் இது நூலிழையில் நிற்கிற கணக்கு. முட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு போகிற ஒவ்வொரு புது ஆளும் அதில் 35 ரூபாயைக் குறைக்கிறார். பதினைந்து பேர் வரை தாங்கும். பதினாறாவது ஆள் வந்ததும் லாபம் நட்டமாகிறது. அதனால்தான் இப்படி விற்பவர்கள் பில்லுக்கு இத்தனைதான் என்று வரம்பு வைக்கிறார்கள். வைக்காவிட்டால் பரோட்டா கடைக்காரர் வந்து ஐந்து அட்டையைத் தூக்கிக்கொண்டு போவார். 150 முட்டை, 150 ரூபாய் நட்டம். ஆறு புது வீடு தந்த லாபம் ஒரே ஆளிடம் போய்விடும். எதிர்க்கடைக்காரர் கெட்டிக்காரரா என்று தெரிய வேண்டுமானால், அட்டை கணக்கில் அவர் கொடுக்கிறாரா என்று விசாரியுங்கள். முட்டை மட்டும் உள்ள பில் எத்தனை என்று இரவில் அவர் எண்ணுகிறாரா என்பது அடுத்த கேள்வி. அதை அவரிடம் கேட்க முடியாது.

முட்டையில் விட்டதை மற்ற சாமானின் விலையை ஏற்றிப் பிடிப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. பாக்கெட் சாமானில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கச் சட்டம் விடாது. பருப்பு, மிளகாய் போன்ற சில்லறைச் சாமானில் ஓரளவு முடியும். ஆனால் மேலே போட்ட கணக்கில் எதையும் ஏற்றவில்லை, கவனித்தீர்களா? ஆள் கூடினாலே போதும்.

புகார் பற்றி: எதிராளியை ஒழிப்பதற்காகச் செலவுக்குக் கீழே விற்பதை 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அது சந்தையையே கையில் வைத்திருக்கும் நிறுவனத்துக்கான விதி. தெருவில் இருக்கும் ஒரு மளிகைக்கடையை அதற்குள் கொண்டுவர முடியாது. முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடியுங்கள்.

சரி, நீங்களும் 5க்கு இறங்கலாமா? இறங்கினால் போனவர்களில் பலர் திரும்பி வருவார்கள். அவருக்குப் புது ஆள் இருக்காது, உங்களுக்கும் இருக்காது. இரண்டு கடையும் முட்டைக்கு ஒரு ரூபாய் வீதம் ஊருக்குத் தானம் செய்துகொண்டிருக்கும். முட்டையைக் கொள்முதல் விலைக்கே, 6 ரூபாய்க்குக் கொடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பத்து ரூபாய்க்காக வெயிலில் ரோட்டைத் தாண்ட மாட்டார். இன்னும் ஆள் வேண்டுமென்றால் பெரிய வெங்காயத்தில் குறையுங்கள். வாங்கிப் பதுக்கினால் அழுகும், விலையும் எல்லோருக்கும் தெரியும். அப்போதும் ஆளுக்கு இரண்டு கிலோதான். பரோட்டா கடைக்காரர் உங்கள் கடைக்கும் வருவார்.