வத்தல்மலையில் காப்பித் தோட்டத்து மரங்களை வெட்டலாமா?

"வத்தல்மலையில் ஒன்றரை ஏக்கரில் அரபிகா காப்பி வைத்திருக்கிறேன். நிழல் மரங்களை வெட்டினால் காய்ப்பு கூடும் என்று பக்கத்துத் தோட்டக்காரர் சொல்கிறார். மிளகுக் கொடி காப்பியின் சத்தை எடுத்துக்கொள்ளுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?"

மரங்களை வெட்ட வேண்டாம். கிளைகளை மட்டும் கழியுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வெயில் கூடினால் அரபிகா முதல் ஓரிரு ஆண்டுகள் அதிகமாகவே காய்க்கும். ஆனால் அத்தனை காயையும் தாங்க இலைகள் போதாமல் கிளைகள் நுனியிலிருந்து கருகி, அடுத்த ஆண்டு காய்ப்பு விழுந்துவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வெள்ளைத் தண்டு துளைப்பான். இதன் தாய் வண்டு வெயில் நேரடியாகப் படும் தண்டைத் தேடிப் பட்டை வெடிப்புகளில் முட்டையிடும் என்பதால், நிழல் குறைந்த தோட்டத்திலேயே இதன் சேதம் மிகுதி. தண்டில் மேடு தட்டிய வளையங்கள் தெரிந்து இலை மஞ்சளாகி வாடினால், புழு உள்ளே இருக்கிறது என்று கொள்ளலாம். அந்தச் செடியைப் பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை.

அதற்காக நிழல் அடர்ந்துவிடவும் கூடாது. இருட்டில் பூ குறையும். கோடை மழைக்குப் பூத்துக் காய் பிடித்த பின், பருவ மழைக்கு முன்னால் தாழ்ந்த கிளைகளைக் கழித்து, தரையில் வெயில் புள்ளி புள்ளியாக விழும் அளவுக்குத் திறந்துவிடுங்கள். சில்வர் ஓக் மட்டுமே நிற்கும் தோட்டத்தை நான் விரும்புவதில்லை. அதன் இலை மெதுவாகத்தான் மக்கும். இடையிடையே கல்யாண முருங்கை இருந்தால் தழைச்சத்தும் சேரும்.

மிளகைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. கொடி மரத்தைப் பற்றி ஏறுவதால் காப்பிக்கான இடத்தைப் பிடிப்பதில்லை. ஆனால் அதன் வேருக்குத் தனியாக உரமிட வேண்டும், காப்பிக்குப் போட்டதே போதும் என்று விடக்கூடாது. மரத்தின் வடக்கு அல்லது வடகிழக்குப் பக்கம், அடியிலிருந்து ஓர் அடி தள்ளி, மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள்; தென்மேற்கு வெயில் இளங்கொடியைக் கருக்கிவிடும். நிழலில் கரிமுண்டா நன்றாகக் காய்க்கும். பன்னியூர்-1 ரகத்துக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும்.

உங்கள் தோட்டத்தில் நூறு மரங்களில் கொடி ஏற்றினால், மூன்றாம் ஆண்டு காய்க்கத் தொடங்கி, ஏழெட்டு ஆண்டுகளில் கொடிக்கு ஒரு கிலோ உலர்ந்த மிளகு என்று வைத்தாலும் நூறு கிலோ கிடைக்கும். அதற்குப் பச்சையாக ஏறத்தாழ முந்நூறு கிலோ பறிக்க வேண்டியிருக்கும். காப்பிப் பழம் பறித்து முடிக்கும் வேளையில் மிளகு முற்றத் தொடங்குவதால், அதே ஆட்களுக்கு வேலை தொடரும். நன்கு காய்ந்த மிளகைப் பல மாதங்கள் இருப்பு வைக்கலாம் என்பதால், காப்பி விலை சரிந்த ஆண்டில் கைகொடுப்பது அதுதான்.

மிளகில் நான் அஞ்சுவது வாடல் நோய் ஒன்றையே. மழைக்காலத்தில் அடித்தண்டு அழுகிக் கொடி சில நாட்களில் சாய்ந்துவிடும். வேரடியில் நீர் தேங்காமல் வடிகால் வெட்டி, மழை தொடங்கும் முன் ஒரு சதவீத போர்டோ கலவையைத் தெளியுங்கள்.