17-ஓஎச்பி கூடியிருந்தால் அது பிசிஓஎஸ் இல்லையா?

"எனக்கு 22 வயது. முகம் முழுக்கப் பரு, நாடியில் மயிர், பீரியட்ஸ் இரண்டு மாதத்துக்கு ஒருக்காத்தான். ஸ்கான் பார்த்து பிசிஓஎஸ், அதாவது சூலக நீர்க்கட்டி வருத்தம் என்றார்கள். இப்ப 17-ஓஎச்பி என்ற ஹோர்மோன் 3.4 ng/mL என்று வந்திருக்கு. இது அட்ரீனல் வருத்தமா?"

அந்த இரத்தத்தை எந்த நாளில், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்? அது தெரியாமல் 3.4 ஐ மட்டும் வைத்து ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல ஏலாது. நான் டொக்டர் இல்லை, யாழ்ப்பாணத்தில் ஒரு லாப்பில் வேலை செய்கிறேன். ஆனால் இதே குழப்பம் என் மச்சாளுக்கு வந்தபோது கூடவே அலைந்தவள்.

தோட்டத்துக்கு இறைக்கும்போது வாய்க்காலில் மண் சரிந்தால் தண்ணீர் நிற்காது, வரம்பை உடைத்துப் பக்கத்துப் பாத்திக்குப் போகும். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலும் அதுதான் நடக்கிறது. கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனைச் செய்யும் வழியில் 21-ஹைட்ரொக்சிலேஸ் என்ற நொதி அரைகுறையாக வேலை செய்தால், அதற்கு முந்திய பொருளான 17-ஓஎச்பி தேங்கும். தேங்கியதில் ஒரு பங்கு ஆண் ஹோர்மோன் பக்கம் வழியும். பருவும் மயிரும் ஒழுங்கற்ற பீரியட்ஸும் அதனால்தான். டொக்டர்மார் இதைக் கொன்ஜெனிட்டல் அட்ரீனல் ஹைப்பர்பிளேசியா என்பார்கள். பிறவிக் குறைதான், ஆனால் கடுமையில்லாத வகை. அதனால் வயதுக்கு வந்த பிறகுதான் பலருக்கு வெளியில் தெரியும். இவர்களின் சூலகத்திலும் நீர்க்கட்டிகள் தெரியலாம், ஆகவே ஸ்கான் இரண்டையும் பிரித்துக் காட்டாது.

சரி, மச்சாளின் கதை. அவளுக்கு 21 வயது. வகுப்பு முடிந்து வரும் வழியில், பின்னேரம் 5 மணிக்கு ஒரு தனியார் லாப்பில் இரத்தம் கொடுத்தாள். பீரியட்ஸ் எப்போது வந்தது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. விடை 4.6 ng/mL. பிறகு கலண்டரைப் பார்த்தால் அது சுழற்சியின் 23 ஆம் நாள். முட்டை வெளியேறிய பிறகு சூலகமே 17-ஓஎச்பியைச் சுரக்கும். ஒரு குறையும் இல்லாத பெண்ணுக்கும் அந்த நாட்களில் அளவு 2 ஐத் தாண்டலாம். நேரம் மறுபக்கம் ஏமாற்றும்: விடியற்காலையில் உச்சத்தில் இருப்பது பின்னேரம் இறங்கிவிடுவதால், உண்மையிலேயே குறை உள்ளவளுக்கும் சாதாரண அளவு வரலாம். அந்த 4.6 ஐ வைத்து எந்தப் பக்கமும் முடிவெடுக்க முடியாது.

அடுத்த பீரியட்ஸ் தொடங்கி மூன்றாம் நாள், காலை 7.30 மணிக்கு வேறொரு லாப்பில் எடுத்தோம். விடை 9.7 என்றதும் மாமி அழத் தொடங்கிவிட்டா, இரண்டு மடங்காகிவிட்டது என்று. தாளை வாங்கிப் பார்த்தேன். அலகு nmol/L. அதை 3 ஆல் வகுத்தால் 3.2 ng/mL, முந்தியதைவிடக் குறைவு. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் பாராமல் பயப்படாதீர்கள்.

பீரியட்ஸ் தொடங்கின முதல் சில நாட்களில், காலையில் எடுத்தது 2 ng/mL க்குக் கீழே என்றால் இந்த வருத்தம் பெரும்பாலும் இல்லை. 10 ஐத் தாண்டினால் அனேகமாக இதுதான். இடையில் நிற்பவர்களுக்குத்தான் ஊசிப் பரிசோதனை. முதலில் இரத்தம் எடுத்து, சினக்தென் 250 மைக்ரோகிராம் ஏற்றி, 60 நிமிடம் கழித்துத் திரும்ப எடுப்பார்கள். அந்த ஊசி அட்ரீனலை 'வேலை செய்' என்று விரட்டும். வாய்க்கால் அடைபட்டிருந்தால் அப்போது தேக்கம் பொங்கும். மச்சாளுக்கு 18.4 ng/mL. 10 ஐத் தாண்டினதால் ஐயம் தீர்ந்தது.

கருத்தடைக் குளிசையோ, முட்டுக்கு பிரெட்னிசலோனோ, வெள்ளையாக்கும் கிறீமோ பாவித்தால் டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஸ்டீரொயிட் கலந்த கிறீம்கூட அளவை அமுக்கிவிடும். அதற்காக நீங்களாகவே குளிசையை நிறுத்தவும் வேண்டாம். பீரியட்ஸ் மாதக்கணக்கில் வராவிட்டால் அதே இரத்தத்தில் புரோஜெஸ்டரோனும் பார்க்கச் சொல்லலாம். அது குறைவாக இருந்தால் முட்டை வெளியேறின நாட்கள் இல்லை என்று தெரியும்.

பெயர் உறுதியானதும் எல்லாருக்கும் ஸ்டீரொயிட் கொடுப்பதில்லை. மச்சாளுக்குக் கருத்தடைக் குளிசைதான். பருவுக்கு மூன்று மாதம், மயிருக்கு ஆறு மாதத்துக்கு மேலே பொறுக்கச் சொன்னார்கள், ஏற்கெனவே தடித்த மயிருக்கு லேசர் தனி. பிள்ளை வேண்டும் என்ற நேரத்தில் சிலருக்கு ஸ்டீரொயிட் தேவைப்படும்.

எங்கட வீட்டில் பெரிய பிரச்சினை வேறு. அவளுக்குச் சொந்த மச்சானைப் பேசியிருந்தார்கள். இந்தக் குறை வர தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பழுதான மரபணுப் பிரதிகள் வேண்டும். இலேசான குறை உள்ளவளிடமும் அந்த இரண்டில் ஒன்று கடுமையான வகையாக இருக்கலாம். மாப்பிள்ளையும் கடுமையான ஒன்றைச் சுமந்தால், பிறந்தவுடனேயே உப்பிழந்து சோரும் குழந்தை பிறக்க வாய்ப்புண்டு. அதனால் அவளுக்கும் அவருக்கும், அந்த 21-ஹைட்ரொக்சிலேஸ் நொதியைச் செய்யும் CYP21A2 என்ற மரபணுவின் பரிசோதனை பற்றி டொக்டரே கதைத்தார். மாமி முகத்தைச் சுளித்தா. பெடியன் தானே முன்வந்து இரத்தம் கொடுத்தான். விடைக்குக் காத்திருக்கிறோம்.